பேக்கரிக்குப் போட்ட வாழ்த்து

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் ஃபோனை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் தோழியின் அம்மா தையல் கடை திறக்கிறார், அதற்கு ஒரு வாழ்த்து எழுத வேண்டும், தேடினால் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது என்று என்னிடம் கேட்டீர்கள். "ஏதாவது போடுங்கம்மா, வாழ்த்துல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அது பொய். வாழ்த்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அப்பா பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக்குப் பொங்கலுக்கு வருவாரே, உங்களுக்குக் கடலை உருண்டை வாங்கிக்கொண்டு, அந்த மாமாவைப் பற்றியது இது. அவரும் நானும் ஒரே ரீவைண்டிங் கடையில் பதினோரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. உங்களுக்கும் தெரியும், என் கையில் எப்போதும் வார்னிஷ் வாசனை அடிக்கும்.

அவன் கடை திறக்கப் போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டுச் சொன்னால் மீதி எதுவும் உங்களுக்குப் புரியாது. அவனுக்குத் துபாயில் அண்ணன். எனக்கு இல்லை. அவன் பெண்சாதி வீட்டில் திருநள்ளாறு ரோட்டில் ஒரு இடம் சும்மா கிடந்தது. நமக்குக் கிடக்கவில்லை. வேலையில் நான் அவனைவிட வேகம். ஒரு நாளைக்கு நான் ஒரு மோட்டார் முடித்தால் அவன் முக்கால் மோட்டார்தான் முடிப்பான். இந்தக் கணக்கைத்தான் மனதுக்குள் போட்டுக்கொண்டே இருந்தேன். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது சுற்றிக்கொண்டு அந்த ரோடு வழியாகவே வருவேன். ஒரு நாள் ஷட்டருக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்னொரு நாள் போர்டு ஏறியிருந்தது. அதில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. அன்றைக்கு மட்டும் நன்றாகச் சாப்பிட்டேன்.

திறப்புக்குப் பத்து நாள் முன்னால் அவன் பெண்சாதியோடு தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பத்திரிகையோடு நம் வீட்டுக்கு வந்தான். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள்.

"மாப்ள, ஒரு உதவி" என்றான். "எல்லாரும் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம்ங்கிறாங்க. வைக்கட்டும். வாசலுக்கு நேரா ஒண்ணு இருக்கு பாரு, அது உன்னோடது. நீதான் எழுதணும்."

"நானா? ஃப்ளெக்ஸ் கடையிலயே எழுதிக் குடுப்பாங்களேடா."

"அது அவங்க எழுதுறது. நீ கரண்ட் ஆபீசுக்கு மனு எழுதுனியே, குரும்பகரத்துக்காரங்களுக்கு. படிச்சுட்டு அந்த ஆபீசரே 'யாருப்பா எழுதுனது'ன்னு கேட்டாருல்ல? அந்த மாதிரி. சும்மா நாலு வரி. பேரு கூடப் போட வேணாம்."

உங்கள் அம்மா காபி கொடுத்துவிட்டு, "அதுக்கென்னண்ணே, எழுதிடுவாரு. மனு எழுதறதுன்னா ராத்திரி பூரா உக்காருவாரு, உங்களுக்கு எழுத மாட்டாரா" என்றாள். நான் சிரித்தேன். அவர்கள் போன பிறகு அந்தத் தட்டுப் பழத்தை நான் தொடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

ஒன்பது நாள் ஓடியது. ஒரு வரி எழுதவில்லை. நேரம் இல்லாமல் இல்லை. பேனாவை எடுத்தால் அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுத வேண்டும். நல்லது என்று யோசித்தால் நிறைய வந்தது. வந்ததெல்லாம் எனக்கே குத்தியது. எழுதி வாசலில் தொங்கவிட்டால் ரோட்டில் போகிற எல்லாரும் படிப்பார்கள். எங்கள் முதலாளி படிப்பார். நான் வேலை பார்க்கும் கடைக்கு வருகிற விவசாயிகள் படிப்பார்கள். இவன்தான் கெட்டிக்காரன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல ஆகும். அப்புறம் நான் யார்?

முந்தின நாள் சாயங்காலம் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் அந்தப் பெண் கையில்தான் பிறக்கிறது.

"நாளைக்குக் காலையில வேணும்மா. கடை திறப்பு" என்றேன்.

"என்ன கடைண்ணே?"

"ரீவைண்டிங்."

அது திரையில் எதையோ தேடி எடுத்தது. பின்னால் ரோஜாப்பூ, மேலே இரண்டு குத்துவிளக்கு. "போன வாரம் ஒரு பேக்கரிக்குப் போட்டதுண்ணே. நல்லா வந்துச்சு. பேரு மட்டும் மாத்திடவா? மத்தது அப்படியே இருக்கட்டுமா?"

'மென்மேலும் வளர்ந்து, வாடிக்கையாளர் கூட்டம் அலைமோத, வெற்றிநடை போட வாழ்த்தும் நண்பர்கள்' என்று இருந்தது.

"அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்குங்கண்ணே. அப்பறம் மாத்த முடியாது."

"படிச்சுட்டேன்" என்றேன். கேக் படத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன். வெளியே வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. கேட்டான், கொடுத்தாயிற்று. யாரும் குறை சொல்ல முடியாது.

ஆவணி மாதம், நல்ல முகூர்த்தம். காலை ஆறு மணிக்குப் பூஜை. நான் வேண்டுமென்றே ஒன்பது மணிக்கு மேல் போனேன். எங்கள் முதலாளி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே போனால் மேசை மேல் ஏற்கெனவே மூன்று கடிகாரம் இருந்தது. நான்காவதாக இதையும் வைத்தேன். நான்கும் நான்கு நேரம் காட்டின. அதைப் பார்த்தும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

வெளியே ஏழு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. மைத்துனர்கள், கோயில் கமிட்டி, தெருக்காரர்கள். எல்லாவற்றிலும் வளர்க, வெல்க, சிறக்க. எது யாருடையது என்று கீழே பெயரைப் பார்த்தால்தான் தெரியும். வாசலுக்கு நேராக, அவன் சொன்ன இடத்திலேயே, ரோஜாப்பூவோடு என்னுடையது. அது மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. இடத்தை அவன் எனக்காகவே விட்டு வைத்திருந்தான்.

அப்போது குரும்பகரத்துப் பெரியவர் ஒருவர் டிராக்டரில் வந்து இறங்கினார். நான் மனு எழுதிக் கொடுத்தது இவர்கள் ஊருக்குத்தான். கேசரியைக் கையில் வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று, ஃப்ளெக்ஸை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுத் திரும்பி, "ஏம்ப்பா, இது யாரு எழுதுனது?" என்றார்.

நான் ஷாமியானாக் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன்.

"ஏங்க, என்னாச்சு?" என்று கேட்டபடி கடைக்குள்ளிருந்து வந்தான் இவன்.

"என்னாச்சா? ரீவைண்டிங் கடையில கூட்டம் அலைமோதணும்னா என்ன அர்த்தம்? எங்க மோட்டாரு பூராவும் எரியணும்னு அர்த்தம். நாத்தங்கால்ல தண்ணி நிக்காம நாங்க தலையில துண்டப் போட்டுக்கிட்டு உன் வாசல்ல மோதணுமா? வாழ்த்தா இது, சாபமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் கூட வந்த இன்னொருத்தர் விடவில்லை. "ஆஸ்பத்திரி திறந்தாலும் இதையேதான் போடுவானுங்க மாமா. நோயாளி அலைமோத வாழ்த்துறோம்னு."

"சுடுகாட்டுக்கு இரும்புக் கேட்டு வச்சாலும் போடுவானுங்க!"

மறுபடியும் சிரிப்பு. இவனும் சிரித்தான். ஆனால் ஃப்ளெக்ஸை இப்போதுதான் முதல் தடவையாகப் படிப்பவன் போல நின்று படித்தான். விடியற்காலையில் ஃப்ளெக்ஸ் கடைப் பையன்கள் கட்டியிருக்கிறார்கள், அவன் பூஜையில் இருந்திருக்கிறான். படித்து முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். கம்பத்துக்குப் பின்னால் என்னைப் பார்த்துவிட்டான். இரண்டு பேர் கண்ணும் ஒரு நொடி ஒட்டி நின்றது.

"நான்தாங்க அவசரத்துல எதையோ போடச் சொல்லிட்டேன்" என்றான் பெரியவரிடம். "தப்பு என்னோடது. நீங்க கேசரிய சாப்பிடுங்க."

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதிலும் இவன்தான் நல்லவனா என்று எரிச்சல்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் காரைக்காலிலிருந்து கம்பி பாய் வந்தார். செம்புக் கம்பியும் பேரிங்கும் மொத்தமாக விற்கிறவர். இந்தப் பக்கத்து ரீவைண்டிங் கடை எல்லாவற்றுக்கும் அவர்தான் சரக்குப் போடுகிறார். அவர் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை, சால்வை கொண்டுவரவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க தம்பி, ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். மைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, வாசலில் நின்றவர்களைப் பார்த்தே பேசினார்.

"எனக்கு மேடைப் பேச்சு வராதுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ரெண்டு வருசம் முன்னாடி இந்தத் தம்பி எங்கிட்ட கம்பி வாங்க வந்தாரு. எங்க கடைப் பையன் மாத்திக் குடுத்துட்டான். கேட்டதைவிட ஒரு நம்பர் மெல்லிசு. வெளிய போயிட்டாரு. வண்டியும் ஸ்டார்ட் பண்ணியாச்சு. திரும்பி உள்ள வர்றாரு. 'பாய், கையில புடிச்சா வித்தியாசமா இருக்கு, அளந்து பாருங்க'ங்கிறாரு. மைக்ரோமீட்டர்ல வச்சுப் பாக்குறேன், அவரு சொன்னது சரிதான். முடி அளவுதான் வித்தியாசம்."

குரும்பகரத்துப் பெரியவர் கேசரியைக் கீழே வைத்துவிட்டார்.

"மெல்லிசைச் சுத்திக் குடுத்தா யாருக்குங்க தெரியும்? மூடிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது. ஓடும். நாலு மாசம் ஓடும், சூடேறி எரியும். கரண்டு சரியில்லைன்னு சொல்லிடலாம். மறுபடி கூலி. ஆனா அந்த வெயில்ல திரும்பி வந்தாரு. இனிமே சொந்தக் கடை. செலவு கூடும். ரெண்டு காசு மிச்சம் புடிக்கலாமான்னு தோணும். தோணறப்ப அன்னைக்கு மாதிரியே திரும்பி வரணும். அல்லாஹ் அந்தப் புத்தியை அப்படியே வச்சிருக்கட்டும். என் துஆ அதுதான்."

அவ்வளவுதான் பேசினார்.

அந்த நாளில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? நான்தான். கம்பியைக் கையில் உருட்டிப் பார்த்து, "மாப்ள, மெல்லிசா இருக்குடா" என்று அவன் சொன்னபோது, "எவன்டா பாக்கப் போறான், ஏறு, பசிக்குது" என்றேன். அவன் ஏறாமல் திரும்பி உள்ளே போனான். பாய்க்கு அது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எனக்கு நேரெதிரே நின்றான். அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

பெரியவர் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு இவனிடம் போனார். "ஏம்ப்பா, அஞ்சு குதிரை மோட்டார் ஒண்ணு டிராக்டர்லயே கெடக்கு. காரைக்கால் கொண்டுபோகத்தான் ஏத்துனேன். எறக்கச் சொல்லு. நீயே பாரு."

காரைக்கால் என்று அவர் சொன்னது எங்கள் கடையை. எட்டு வருஷமாக அந்த மோட்டாரைச் சுற்றியது நான்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கடைக்காரனுக்குச் சொல்கிற வாழ்த்தைக் கேட்பது கடைக்காரன் மட்டும் இல்லை. வாசலில் நிற்கிறவன், டிராக்டரில் போகிறவன், சரக்கை நம்பி விடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவன், ஒவ்வொருத்தனும் கேட்கிறான். வளர்க வெல்க என்றால் அவன் காதில் ஒன்றும் விழாது. இந்த ஆள் எதற்குத் திரும்பி வருவான் என்று ஒருத்தர் சொன்னால் விழும். கடை திறக்கிறவனுக்கும் அன்றைக்கு உள்ளுக்குள் பயம்தான். வாடகை, கரண்டு, நாளைக்கு யாராவது வருவார்களா. அந்தப் பயத்தில் இருப்பவனுக்கு வெற்றிநடை எதற்கு? நீ செய்த வேலையை ஒருத்தன் பார்த்திருக்கிறான் என்று தெரிந்தால் போதும். ஏழு ஃப்ளெக்ஸும் நான்கு கடிகாரமும் கொடுக்காததைத் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசிய ஆள் கொடுத்துவிட்டுப் போனார்.

அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்! பாய் ஒரு நாள்தான் பார்த்தார். நான் பதினோரு வருஷம் பார்த்தவன். இந்தத் தடவை எனக்கு வந்த பொறாமை பாய் மேல்.

சாப்பாட்டுப் பந்தியில் அவனே எனக்குச் சாம்பார் ஊற்ற வந்தான். பக்கத்து இலைக்காரர் எழுந்து போயிருந்தார். குனிந்து, மெதுவாகக் கேட்டான்.

"அது நீ எழுதுனது இல்லைதானே?"

"நேரம் கெடைக்கல மாப்ள."

"பேக்கரிக்குப் போட்டது. எங்க தெரு முக்குல இதே ரோஜாப்பூவோட தொங்குது. நான் தெனம் பாக்குறேன்டா."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"திட்டி எழுதியிருந்தாக் கூடப் பரவாயில்ல" என்றான். "'இவன் மெதுவாத்தான் வேலை செய்வான், அவசரம்னா இங்க வராதீங்க'ன்னு எழுதியிருந்தாக்கூட அது என்னைப் பத்துனது. இது யாரைப் பத்துனது?"

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். அப்புறம் நான் கிளம்பும்வரை தாம்பூலப் பை கொடுத்தான், சிரித்தான், "தங்கச்சியக் கேட்டேன்னு சொல்லு" என்றான். எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் மாப்ள என்று கூப்பிடவில்லை. பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தை இல்லாமல் அவன் என்னை வழியனுப்பியது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா, "என்ன எழுதுனீங்க, எல்லாரும் என்ன சொன்னாங்க?" என்றாள். "நல்லா இருந்துச்சுன்னாங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் ஒன்பது நாளும் பேனாவைத் தொடவில்லை என்பதைப் பார்த்தவள்தானே.

இப்போது உங்கள் தையல் கடைக்கு வருகிறேன். எழுதுவதை எழுதிவிட்டு, கடையின் பெயரை எடுத்துவிட்டு வேறு ஒரு கடையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். இறைச்சிக் கடைக்கும் பொருந்தினால் கிழித்துப் போடுங்கள். அந்த அம்மா உங்கள் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து, நீங்கள் வளர்ந்தாலும் இறக்கிவிடலாம் என்று இரண்டு விரல் துணி உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தார்களே, அதை எழுதுங்கள். அதைப் படிக்கிற வேறொரு அம்மா துணியோடு வருவாள். பெரிய வார்த்தை தேட வேண்டாம். அவர்கள் என்ன செய்து நீங்கள் பார்த்தீர்களோ, அது. கூட்டம் பெருகினால் யாருக்காவது கஷ்டம் வருகிற தொழிலா என்றும் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால் இல்லை.

திறப்புக்கு மறுநாள் நான் வேலைக்குப் போகும் வழியில், ஏழு மணி இருக்கும், அவன் கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஷட்டர் மூடியிருந்தது. ரோட்டில் ஒரு பால் வண்டியைத் தவிர யாரும் இல்லை. கம்பத்திலிருந்து என் ஃப்ளெக்ஸை அவிழ்த்துத் தரையில் கவிழ்த்துப் போட்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தேன். பெயிண்ட் மார்க்கர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். முட்டி போட்டுக்கொண்டு, உங்கள் கோடு போட்ட நோட்டில் எழுதுவது போல மெதுவாக எழுதினேன்.

'இவர் மெதுவாக வேலை செய்வார். மோட்டாரை மூடும் முன் கம்பி இறங்கும் ஒவ்வொரு காடியிலும் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் முழுவதையும் வெட்டி மறுபடி சுற்றுவார், கூலி ஒரு தடவைதான். இங்கே சுற்றிய மோட்டார் இங்கே திரும்பி வராமல் இருக்கட்டும்.'

எழுதும்போதும் வயிறு எரிந்தது. பொறாமை அப்படி ஒன்றும் போய்விடவில்லை, இப்போதும் அந்த ரோட்டில் போனால் அந்த நீல ஷட்டரை ஒரு பார்வை பார்ப்பேன். அன்றைக்கு வண்டியில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்ன 'எவன்டா பாக்கப் போறான்' என்பதையும் எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எழுதினால் அவன் வாசலில் மறுபடியும் நான்தான் தெரிவேன். அதனால் விட்டுவிட்டேன். கீழே பெயர் போடும் இடத்தைக் காலியாகவே வைத்தேன்.

மை காயும்வரை பக்கத்தில் குந்தியிருந்தேன். பிறகு எழுத்து ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி, நான்கு முடிச்சும் இறுக்கிப் போட்டுவிட்டு, செங்கல்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வண்டியை எடுத்தேன்.